புதுப்பிப்பு: பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போன போர்டு

முன்பு கேட்டது: "பி450 போர்டில் ரைசன் 2600-ஐ எடுத்துவிட்டு 5600 போடலாம் என்று பயாஸ் அப்டேட் செய்தேன். 40 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டு போச்சா?"

போகவில்லை. இன்று காலை உயிர் வந்துவிட்டது.

சிமாஸ் பேட்டரியைக் கழற்றச் சொன்ன தம்பி, அதையும் செய்தேன். அதில் அழிவது செட்டிங் மட்டும். இங்கே சிப்பில் இருந்த பயாஸ் புரோகிராமே பாதி அழிந்து கிடந்தது, பிராசசருக்கு முதல் கட்டளையே கிடைக்கவில்லை.

காப்பாற்றியது, சர்வீஸ் கடை வைத்திருக்கும் அக்கா சொன்ன ஃப்ளாஷ்பேக் பட்டன். FAT32 பென்டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டு, மேனுவலில் சொன்னபடி பெயர் மாற்றி, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகி, விளக்கு மினுக்கும் வரை அழுத்தினேன். பிராசசரின் தயவே வேண்டாம், போர்டில் உள்ள தனிச் சிப் எழுதிக்கொள்கிறது. மினுக்கல் நிற்க ஆறு நிமிடம். இந்த முறை யுபிஎஸ்ஸில்தான் மாட்டியிருந்தேன்! பட்டன் இல்லாத போர்டு என்றால், சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுத ஆள் தேட வேண்டும்.

புது வெர்ஷன் வந்தால் எல்லோரும் போடணுமா? 5600-க்கு எனக்கு வேறு வழியில்லை. பாதுகாப்பு ஓட்டையோ, உங்களுக்கு இருக்கும் கோளாறோ வெளியீட்டுக் குறிப்பில் இருந்தால் போடுங்கள். ஒழுங்காக ஓடும் மெஷினை நான் தொடமாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. முன்பு 3200-ல் ஓடிய ராம் இப்போது 2933-ல்தான் நிற்கிறது. புது பயாஸா, புது பிராசசரா? பழைய 2600-ஐ மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.