டாஃபினிஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

மீனா எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

நகைச்சுவை வகைகளின் சொற்பட்டியலில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அகராதியைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த சொல்லுக்கு வேண்டுமென்றே வேறு பொருள் சொல்வார்களே, அதற்கு ஆங்கிலத்தில் டாஃபினிஷன் என்கிறார்கள். கிறுக்கு என்ற பொருளுள்ள 'டாஃபி'யை 'டெஃபினிஷ'னோடு ஒட்டிய சொல். இரண்டு மாதிரிகள்:

தலையணை (பெ.): எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தலைக்குள் பாயாமல் தடுக்கும் அணை.

அவசரம் (பெ.): அடுத்தவருடைய தாமதம் நம் மேசைக்கு வந்து சேர்ந்ததும் அதற்கு வைக்கும் பெயர்.

'பொய்ப்பொருள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிவருமா?

சுந்தரம் எழுதியது:

இதற்கு எதற்கு அம்மா புதுச்சொல்? இது சிலேடை. தலை + அணை என்று பிரித்துப் பொருள் கொள்வதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரத்திலேயே பெயர் இருக்கிறது. காளமேகம் பாடாததா? இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு இணை தேடுவதே நமக்கு வழக்கமாகிவிட்டது.

ஜெயந்தி எழுதியது:

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, கசப்பான அனுபவம். முன்பு வேலை பார்த்த இடத்தில் கலைச்சொற்கோவை ஒன்று தயாரித்தோம். பக்க வடிவமைப்பைச் சரிபார்ப்பதற்காக ஒரு நண்பர் 'நாளை: வேலைகளைச் சேமித்து வைக்கும் இடம்' என்று ஒரு பதிவைச் செருகியிருந்தார். எடுக்க மறந்துபோனது. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் தப்பி அச்சாகிவிட்டது. இந்த மாதிரிப் பிழைகளுக்குத்தானே பெயர் கேட்கிறீர்கள்? 'பிழைப்பொருள்' என்று வைக்கலாம்.

மீனா எழுதியது:

இல்லை ஜெயந்தி, நான் கேட்பது பிழைக்கு அல்ல, வேண்டுமென்றே செய்வதற்கு. ஆனால் மூன்று பேர் கண்ணில் படாமல் போனது எப்படி என்று யோசித்தால் சுவையாக இருக்கிறது. அது பார்க்க அகராதிப் பதிவு மாதிரியே இருந்திருக்கிறது!

இளங்கோ எழுதியது:

ஜெயந்தி சொன்னது திசைமாறிய கேள்வி போலத் தெரிந்தாலும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த வகைக்கு உயிரே அந்த அகராதி முகம்தான். தலைச்சொல், 'பெ.' என்ற குறி, ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி. 'ஹாஹா' போட்டாலோ, ஆச்சரியக்குறி வைத்தாலோ செத்துவிடும். மீனாவின் 'அவசர'த்தை 'அவசரம் என்றால் என்ன தெரியுமா?' என்று தொடங்கிப் பாருங்கள், வெறும் கடிஜோக் ஆகிவிடும்.

சுந்தரம் ஐயா சொன்னதில் பாதி சரி. 'தலையணை' பிரிமொழிச் சிலேடையின் பிள்ளைதான். ஆனால் காளமேகத்தின் சிலேடையில் இரண்டு பொருளும் பாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்தால் இரண்டுக்கும் எல்லா அடியும் பொருந்த வேண்டும். இங்கே அப்படி இல்லை. உண்மைப் பொருளை யாரும் சொல்வதில்லை, அது வாசகர் தலையில் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கம் அதன்மேல் மோதுகிறது. 'அவசர'த்திலோ சிலேடையே கிடையாது, சொல்லை எங்கும் உடைக்கவில்லை. அதைச் சிலேடைக் கணக்கில் எப்படி எழுதுவது?

அதே காரணத்தால் 'பொய்ப்பொருள்' எனக்கு ஒப்பவில்லை. 'தலையணை' பொய். 'அவசரம்' பொய்யா? அகராதிக்காரர் சொல்லக் கூசும் உண்மை அது. ஆம்ப்ரோஸ் பியர்ஸ் எழுதி, 1906இல் ஒரு பெயரிலும் 1911இல் 'டெவில்ஸ் டிக்ஷனரி' என்ற பெயரிலும் வந்த புத்தகம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதற்கும் முன்னால், 1755இல் வந்த தன் நிஜ அகராதியிலேயே சாமுவேல் ஜான்சன் அகராதி தொகுப்பவரைத் 'தீங்கற்ற அடிமாடு' என்கிற தொனியில் விளக்கியிருக்கிறார். அதைப் பொய் என்று அகராதி தொகுத்த யாரும் சொல்லமாட்டார்கள்.

கவின் எழுதியது:

அப்போ 'குறும்பொருள்'? குறும்பு + பொருள். சின்னதாகவும் இருக்கிறது.

என் பங்குக்கு இரண்டு:

நாற்காலி (பெ.): பேச்சாளர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டும்போது முன்வரிசையில் தெரிவது.

அறிக்கை (பெ.): கடைசி நாள் இரவில் மட்டும் எழுதத் துடித்து அரிக்கும் கை.

இளங்கோ எழுதியது:

கவின், 'நாற்காலி' அருமை. நால் + காலி என்றாலும் புணர்ச்சியில் நாற்காலிதான். உண்மையான பிரிப்பும் கள்ளப் பிரிப்பும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. அதோடு 'நான்கு' என்றோ 'காலி' என்றோ விளக்கத்தில் சொல்லாமல் விட்டீர்களே, அது இன்னும் நல்லது. 'தலையணை'யிலும் தலை, அணை நடுவே ய் வருவது எந்தப் பொருளுக்கும் பொதுதான். ஆனால் மீனா 'அணை' என்று விளக்கத்தில் போட்டு உடைத்துவிட்டார். 'எண்ணம் தலைக்குள் பாயாமல் தடுப்பது' என்று நிறுத்தியிருக்கலாம்.

'அறிக்கை' எழுத்தில் நொண்டுகிறது. தலைச்சொல்லில் ற, விளக்கத்தில் ர. மேடையில் சொன்னால் பலர் சிரிப்பார்கள், அச்சில் கண் இடறும்.

'குறும்பொருள்' பற்றி: குறும்பு + பொருள் என்றால் குறும்புப்பொருள் என்றுதான் வரும். நீங்கள் எழுதியது குறுமை + பொருள், அதாவது சிறிய பொருள். பொருளுக்குப் பதிலாக உரை என்று வையுங்களேன். குறும்பு + உரை = குறும்புரை. உகரம் கெட்டு ஒழுங்காகச் சேர்கிறது. பொய்யா மெய்யா என்ற வம்பும் இல்லை. இரண்டு வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பிரிப்புக் குறும்புரை, குத்தல் குறும்புரை என்று கொள்ளலாம்.

கவின் எழுதியது:

ற, ர பேதம் பார்த்தால் கேட்டுச் சிரிக்கும் பாதிச் சரக்கு போய்விடும் அண்ணா. இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சுந்தரம் எழுதியது:

இளங்கோ சொன்ன வேறுபாடு சரி, 'அவசரம்' சிலேடை ஆகாது. ஆனால் உரை என்றால் நச்சினார்க்கினியர் நினைவுக்கு வருகிறார். பாட்டுக்கு எழுதுவது உரை, சொல்லுக்குச் சொல்வது பொருள். ஒரு வரி விளக்கத்தை உரை என்பது அதிகம்.

சும்மா ஒன்று: பேச்சில் 'அகராதி பிடித்தவன்' என்கிறோமே, ஏறுக்கு மாறாய்ப் பேசுகிறவனை. இதற்கு அகராதித்தனம் என்று வைத்தால் என்ன? மக்கள் ஏற்கெனவே செதுக்கி வைத்த சொல்.

மீனா எழுதியது:

ஐயா! இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இது குணத்தின் பெயராக இருக்கிறது. ஒரு பதிவைக் காட்டி 'இது ஒரு அகராதித்தனம்' என்றால் எழுதியவரைத் திட்டுவதுபோல் கேட்கிறதே? வகைக்கு அகராதித்தனம், தனிப் பதிவுக்குக் குறும்புரை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

ரஹீம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் மருத்துவ மொழிபெயர்ப்பு செய்கிறவன். 'குறும்புரை' என்று பார்த்ததும் சின்னதாய் ஒரு கண்புரை என்றுதான் முதலில் படித்தேன். குறும் + புரை! மேலே போய் முழுவதும் படித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் கோப்புகளில் இந்தச் சொல் நுழைந்தால் யாராவது அறுவைக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

இளங்கோ எழுதியது:

ரஹீம் பாய், இதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. தன்னையே கள்ளத்தனமாகப் பிரித்துக்காட்டும் கலைச்சொல்!

குறும்புரை (பெ.): சிறிய கண்புரை. வந்தவருக்கு அகராதியில் உள்ளது சரியாகத் தெரியாது.

ரஹீம் எழுதியது:

வேடிக்கைக்குச் சரி. என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. கலைச்சொல் முதல் வாசிப்பிலேயே புரிய வேண்டும். நடுவில் ஒரு கோடு போட்டு 'குறும்பு-உரை' என்றாவது எழுதுங்கள்.

மீனா எழுதியது:

கோடு போட்டால் பார்க்கச் சகிக்காது, ரஹீம். இப்போதைக்குக் 'குறும்புரை'யைக் கேள்விக்குறியோடும், 'அகராதித்தன'த்தை வகைப்பெயராகவும் பட்டியலில் ஏற்றுகிறேன். சுந்தரம் ஐயாவின் உரை/பொருள் ஆட்சேபத்தையும் பக்கத்திலேயே குறித்துவிட்டேன். 'குறும்புப்பொருள்'தான் வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

ஜெயந்தி, அந்த 'நாளை' பதிவைச் சான்றாகச் சேர்க்கலாமா? எழுதிய நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

ஜெயந்தி எழுதியது:

கேட்டேன். நாளைக்குச் சொல்கிறாராம்.