மூன்று முகத்தின் முன் நின்றவர்கள்: எலிஃபண்டா அனுபவங்கள்

மாட்டுங்காவாசி

ஊரிலிருந்து யார் வந்தாலும் மும்பை கேட்வேயில் படகு ஏற்றி எலிஃபண்டா தீவுக் குகைகளுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். கொஞ்ச காலமாக ஒரு வேலை செய்கிறேன். முதல் குகையின் தென்சுவரில் இருக்கிற அந்த மூன்று முகச் சிற்பத்தின் முன் நிறுத்தி, பலகையைப் படிப்பதற்கு முன்னால், "என்ன தெரியுது?" என்று கேட்கிறேன்.

கும்பகோணத்து மாமா பார்த்ததும் "மும்மூர்த்தி" என்றார். தேவாரம் பாடுகிற சித்தி, "மத்த ரெண்டு முகம் எங்கே?" என்று கேட்டார். அவருக்கு ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்று சிவனின் ஐந்து முகங்களும் மனப்பாடம். மூன்றை மட்டும் பார்த்தால் அவருக்குக் கணக்கு முடியவில்லை. ஒன்பதாவது படிக்கிற அக்கா பையன், "வலது பக்கம் இருக்கறது ஒரு பொண்ணு, நடுவுல இருக்கறவர் கண்ணை மூடியிருக்கார்" என்றான்.

செதுக்கியவர் என்ன நினைத்தார் என்று சொல்ல அங்கே ஒரு கல்வெட்டுகூட இல்லை. ஆறாம் நூற்றாண்டு என்பதே பாணியை வைத்துச் சொல்வதுதான். ஆனால் அதன் முன் வந்து நின்றவர்களில் சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய ஆர்வம். நீங்கள் நின்றபோது என்ன பார்த்தீர்கள், பழைய ஆட்கள் எழுதியதில் எதைப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சயான் சங்கர்

திங்கட்கிழமை போகாதீங்க, மூடியிருக்கும். நான் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். படகு ஒரு மணி நேரம், அப்புறம் நூற்றுக்கும் மேல படி. முட்டி வலி இருக்கறவங்களுக்குக் கஷ்டம். நடுநடுவுல கடை வாசல்ல உட்கார்ந்து ஏறினோம். மேலே போனதும் அம்மா மூணு முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நேரா மேற்குப் பக்கம் நாலு வாசல் வெச்ச சின்னக் கருவறைக்குப் போய், லிங்கத்துக்கு முன்னாடி கும்பிட்டு உட்கார்ந்துட்டாங்க. "சாமி இங்கதானேடா இருக்கு, அங்க என்ன கூட்டம்?"னு கேட்டாங்க. வயசானவங்களைக் கூட்டிப்போறவங்க காலை முதல் படகைப் பிடிங்க, வெயில் ஏறிட்டா படி ஏற முடியாது.

செம்பூர் ரவி

இதுல என்ன இவ்வளவு யோசனை? போர்த்துக்கீசியர்களுக்கு இதெல்லாம் பேய்க் கோயில். துப்பாக்கியால சுட்டு உடைச்சாங்க. பிரிட்டிஷ்காரங்க வந்து மும்மூர்த்தின்னு தப்பா சொன்னாங்க. பிறகு நம்ம அறிஞர்கள் வந்து ஐந்து முகச் சிவனான சதாசிவம்னு சரியான விடையைக் கண்டுபிடிச்சாங்க. முடிஞ்சது.

கோட்டை நூலகம்

ரவி சார், நீங்கள் சொன்ன மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நேர்கோடு எனக்கு ஒப்பவில்லை. இதே சிற்பத்தைப் பற்றிய பழைய வர்ணனைகளைத்தான் சில வருஷமாகத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் போர்த்துக்கீசியர். 1538 வாக்கில் ஜோவா டி காஸ்ட்ரோ இந்தக் கடற்கரையில் கப்பலோடு வந்தவர், பின்னாளில் கோவாவில் ஆட்சி செய்தவர். கணிதம் படித்தவர். அவர் குகையைப் பார்த்துவிட்டு, இந்த உருவங்களின் அளவுப் பொருத்தத்தைக் கிரேக்க ஓவியர் அப்பெல்லிஸே வந்து பார்த்தாலும் கற்றுக்கொள்ள முடியும் என்கிற மாதிரி எழுதினார். 1563-இல் கோவாவில் அச்சான தன் புத்தகத்தில் மருத்துவர் கார்சியா டா ஓர்டா, பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் மக்களை ஏமாற்றப் பிசாசு தன் முழுத் திறமையையும் இங்கே காட்டியிருக்கிறது என்றார். சீனர்கள் செய்தது என்று சிலர் சொல்வதையும் குறித்து வைத்தார். இருவரும் ஒரே நாடு, ஒரே மதம், ஒரே தலைமுறைக்குப் பக்கத்தில். ஒருவர் அளவைப் பார்த்தார், மற்றவர் பிசாசைப் பார்த்தார். அதனால் "போர்த்துக்கீசியர் இப்படிப் பார்த்தார்கள்" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லவே எனக்குத் தயக்கம். ஒரு காலத்துக்கு ஒரே கண் கிடையாது.

சேதம் பற்றி: சிப்பாய்கள் உடைத்தார்கள் என்று பிற்கால எழுத்துகளில் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர்டாவின் புத்தகத்தில் ஆடுமாடுகள் உள்ளே புகுந்து கெடுத்துவிட்டன என்றுதான் இருக்கிறது. எந்தச் சேதம் யாரால் என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. துப்பாக்கிக் கதை மட்டும் ஏன் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, மாட்டுக் கதை ஏன் தெரியவில்லை என்பதுகூட இன்றைய பார்வையாளர்களாகிய நம்மைப் பற்றிய ஒரு தகவல்தான்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி. மூன்று முகத்துக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, அர்த்தநாரீசுவரர் பலகை இருக்கிறதல்லவா? பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர் சிலர் அதை அமேசான் பெண் என்று எழுதினார்கள். ஒரு பக்கம் மட்டும் மார்பு உள்ள உருவத்தைப் பார்த்ததும், கிரேக்கக் கதையில் வில் வளைக்க வசதியாக ஒரு மார்பை நீக்கிக்கொண்ட வீராங்கனைதான் அவர்களுக்கு நினைவு வந்தது. கண் சரியாகத்தான் பார்த்தது, ஒரு மார்பு இருப்பதைத் தவறவிடவில்லை. அதை எந்தக் கதையோடு சேர்ப்பது என்பதைத்தான் அவர்கள் படித்த படிப்பு முடிவு செய்தது. இந்த மாதிரி இடங்களைத்தான் நான் தேடுகிறேன். சும்மா "அற்புதம்", "கோரம்" என்று எழுதியவர்களிடமிருந்து எனக்கு அதிகம் கிடைப்பதில்லை. பார்த்த ஒரு விவரத்தைச் சொல்லி, அதைத் தனக்குத் தெரிந்த ஒன்றோடு இணைத்தவரிடம்தான் அவர் கொண்டுவந்த எதிர்பார்ப்பு வெளியே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பயணிகள் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் பார்த்து எழுதுவார்கள். இரண்டு பேர் ஒரே கருத்தைச் சொல்லியிருந்தால் இரண்டு சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. அளவுகளையும் தவறுகளையும் ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். ஒரே தவறான எண், அதே வரிசையில் திரும்ப வந்தால் அது குகைக்குள் நின்று எழுதியது இல்லை.

செம்பூர் ரவி

சரி, அமேசான் விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல தகவல். ஆனா மும்மூர்த்தி தப்புதானே? அதையும் "அவங்க பார்வை"ன்னு விட்டுட முடியுமா?

கோட்டை நூலகம்

விட மாட்டேன். இது சிவன் கோயில், மூன்று முகமும் சிவனின் முகங்கள் என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. பார்ப்பவருக்கு இடது பக்கம் மீசையும் பாம்புமாக இருப்பது அகோரம், வலது பக்கம் தாமரையோடு மென்மையாக இருப்பது வாமதேவம். ஆனால் என் கேள்வி வேறு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே அக்கறையோடு வந்து அளந்து வரைந்தவர்களுக்கும் ஏன் பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் என்றே தெரிந்தது? கிறிஸ்தவத் திரித்துவத்தோடு வளர்ந்தவர்கள் இந்து மதத்திலும் ஒரு மூவரைத் தேடினார்கள் என்பது ஒரு காரணம். மும்மூர்த்தி என்ற கருத்து நம்மிடமே இருந்தது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பண்டிதர்களிடமும் இருந்தது என்பது இன்னொன்று. மாட்டுங்காவாசியின் மாமா பிரிட்டிஷ்காரர் புத்தகம் படித்துவிட்டுச் சொல்லவில்லையே.

"சரியான விடை" வந்த விதத்தையும் பாருங்கள். திருவிதாங்கூரில் தொல்லியல் அதிகாரியாக இருந்த கோபிநாத ராவ், 1914 முதல் 1916 வரை சென்னையில் வெளியான தன் சிற்ப நூலில், இது மும்மூர்த்தி இல்லை, சிவனின் மகேசமூர்த்தி வடிவம் என்று வாதிட்டார். அவர் கையில் இருந்தவை தெற்கே வழங்கிய ஆகமங்கள். அந்த நூல்களில் பலவும் இந்தக் குகைக்குப் பின்னால் இன்றைய வடிவம் பெற்றவை. அடையாளம் சரியாகவே பொருந்துகிறது, ஆனால் தெற்கத்திச் சைவம் படித்த ஒருவர் கொண்டுவந்த கண் அது. மாட்டுங்காவாசியின் சித்தி "மத்த ரெண்டு முகம் எங்கே" என்று கேட்டாரே, அவரும் ராவும் ஒரே படிப்பிலிருந்து வருகிறார்கள். அதனால் ராவையும் என் வரிசையில்தான் வைக்கிறேன், வரிசைக்கு வெளியே நீதிபதியாக வைக்கவில்லை.

வழிகாட்டி மணி

நான் அங்கேயே வேலை பார்க்கிறவன். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்தது தாராவி. என் அனுபவம் சொல்றேன். குடும்பமா வர்றவங்க "மும்மூர்த்தி எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டேதான் படி ஏறுவாங்க. உடனே "அது இல்லை"ன்னு சொன்னா முகம் சுருங்கிடும். அதனால முதல்ல வலது முகத்தோட கையில என்ன இருக்குன்னு கேட்பேன். தாமரைன்னு சொல்லுவாங்க. காதணியைப் பாருங்கம்பேன். இடது பக்கம் பாம்பைப் பாருங்கம்பேன். பாதிப் பேர் தாங்களாவே "அப்ப இது பார்வதியா?"ன்னு கேட்பாங்க. மீதிப் பேர் தாமரையைப் பார்த்ததும் "விஷ்ணுதான், நான் சொன்னேன்ல"ம்பாங்க. அதே தாமரைதான்.

வெளிநாட்டுக்காரங்க நடு முகத்துக்கு முன்னாடிதான் ரொம்ப நேரம் நிப்பாங்க. தியானம், அமைதின்னு பேசுவாங்க. சிவராத்திரிக்கு வர்ற கூட்டம் சங்கர் சாரோட அம்மா மாதிரி, லிங்கத்துக்கிட்டதான் போகும். தீவுல குடியிருக்கிறவங்க என்ன பார்த்தாங்கன்னு மட்டும் யாரும் எழுதி நான் படிச்சதில்லை. உங்க வரிசையில அவங்க இருக்காங்களா மேடம்?

கோட்டை நூலகம்

இல்லை மணி அண்ணா, என் வேலையின் பெரிய ஓட்டை அதுதான். எழுதியவர்கள் மட்டுமே என் கையில் இருக்கிறார்கள். பழைய பயணிகள் இங்கே வழிபாடு நடந்ததைப் போகிற போக்கில் சொல்வார்கள். வழிபட்டவரிடம் எதைப் பார்த்தீர்கள் என்று உட்கார்ந்து கேட்டதாக நான் இன்னும் படிக்கவில்லை. குகையில் இருந்த ஒரு கல்வெட்டையும் போர்த்துக்கீசியர் எடுத்துத் தங்கள் அரசருக்கு அனுப்பினார்கள், அங்கே படிக்க ஆளில்லாமல் அது காணாமல் போனது என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் டியோகோ டோ கூட்டோ எழுதியிருக்கிறார். ஆக, கட்டியவர் குரலும் இல்லை, கும்பிட்டவர் குரலும் இல்லை.

சங்கர் சார், நீங்கள் படகு பற்றித்தான் சொல்ல வந்தீர்கள், ஆனால் எனக்கு உங்கள் அம்மாதான் முக்கியமான சாட்சி. நாம் எல்லோரும் இன்று வடக்கு வாசலில் நுழைகிறோம். நுழைந்ததும் நேரே தெற்கில் மூன்று முகம், அதனால் அதுதான் கோயிலின் மையம் என்று தோன்றுகிறது. ஆனால் கிழக்கு முற்றத்தின் பக்கமாக நுழைந்தால் எதிரே நிற்பது லிங்கக் கருவறை. மூன்று முகம் இடது கைப் பக்கம், தூண்களுக்குப் பின்னால், நடக்க நடக்கத்தான் தெரிய வரும். உங்கள் அம்மா எந்த வாசலில் வந்தாலும் அந்தக் கிழக்கு வழிக்காரர்களைப் போலத்தான் நடந்திருக்கிறார்.

மாட்டுங்காவாசி

அப்படியானால் அந்தக் காலத்தில் எந்த வாசல்? கிழக்கா, வடக்கா?

கோட்டை நூலகம்

அதில் ஒருமித்த முடிவு இல்லை. கருவறை கிழக்கு மேற்கு அச்சில் இருப்பதும், கிழக்கே தனி முற்றம் இருப்பதும் கிழக்கு வாசலுக்கு ஆதரவு. ஆனால் இத்தனை பெரிய சிற்பத்தை வடக்கு வாசலுக்கு நேர் எதிரே, ஆழமான மாடத்தில், பல ஆள் உயரத்துக்குச் செதுக்கியது தற்செயலாக இருக்க முடியாது என்கிறவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. இரண்டு வழியும் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆட்களுக்குத் திறந்திருந்ததா என்று நான் யோசிக்கிறேன், அதற்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

வழிகாட்டி மணி

அடுத்த முறை வரும்போது சொல்லுங்க மேடம். காலையில கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி கிழக்குப் பக்கத்துலேர்ந்து நடந்து பார்ப்போம். எந்தத் தூண்கிட்ட வந்ததும் எந்த முகம் முதல்ல தெரியுதுன்னு குறிச்சுக்கலாம்.

சயான் சங்கர்

நானும் வரேன். அம்மாவையும் கேட்டுப் பார்க்கறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.