அத்தையின் இருமலை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது

கயல்விழி: அத்தைக்கு நாலு மாசமா இருமல். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நான். அத்தை சொல்றது இதுதான்: "சளி கட்டியிருக்கு, ராத்திரி இழுக்குது, இளைப்பா இருக்கு, ஆளே இளைச்சுட்டேன்."

முந்தின நாளே உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேட்டேன். சளி வெளியே வருதா? வரலை, தொண்டையில் ஏதோ ஒட்டின மாதிரி இருக்காம். இழுக்குதுன்னா விசில் மாதிரி சத்தமா? இல்லை, இருமி இருமி மூச்சுத் திணறுதாம். இளைப்பு படி ஏறும்போது மட்டும். இளைச்சுட்டேன்னு சொன்னதும் எடை போட்டுப் பார்த்தோம், பழைய எடைதான். இதை 'வெயிட் லாஸ்'னு சொல்லியிருந்தா டாக்டர் காசநோய், புற்றுநோய்னு வேறு பக்கம் தேடப் போயிருப்பார்.

டாக்டர்கிட்ட சொன்னது: ட்ரை காஃப், ஃபோர் மந்த்ஸ், வர்ஸ் அட் நைட். நோ ஸ்பூட்டம், நோ பிளட், நோ ஃபீவர். இல்லாததைச் சொல்றதும் முக்கியம்னு அப்புறம்தான் புரிஞ்சது, அவர் அடுத்து கேட்க இருந்ததே அதுதானாம்.

பாலா: மூணு வாரம் தாண்டினாலே 'க்ரானிக் காஃப்'னு சொல்லிடுங்க. டாக்டர் சீரியஸா எடுத்துப்பார்.

செவிலி அக்கா: பாலா, பெரியவங்களுக்கு 8 வாரம் தாண்டினாத்தான் அந்தப் பெயர். பெயரே வேண்டாம், எப்போ ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க. கயல், பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?

கயல்விழி: எனலாப்ரில். இருமலுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் மாத்தினாங்க.

செவிலி அக்கா: 'ப்ரில்'னு முடியற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் கொண்டுவரும். ஆரம்பிச்ச சில வாரத்திலும் வரலாம், மாசக்கணக்கா கழிச்சும் வரலாம். அதனால மாத்திரை மாத்தின தேதியையும் இருமல் ஆரம்பிச்ச தேதியையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிக் கொடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

ரமணி: எனக்கும் இப்படித்தான், படுத்தா இருமல். நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னேன், கூட வந்த பையன் 'செஸ்ட் பெயின்'னு சொல்லிட்டான். உடனே ஈசிஜி! கடைசியில் வயித்து அமிலம். ஆமா, இருமலுக்கு எந்த சிரப் நல்லது?

கயல்விழி: சிரப் எனக்குத் தெரியாது மாமி. எங்க டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு மாத்திரையை மாத்தினார். அடங்க 4 வாரம் ஆகலாம், சிலருக்கு 3 மாசம் வரைகூட ஆகும்னார். பகல்ல குறைஞ்சிருக்கு, ராத்திரி இன்னும் இருக்கு.

பாலா: உடம்பு சூடுன்னு அத்தை சொன்னா ஃபீவர்னு சொல்லலாமா?

செவிலி அக்கா: தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. நார்மல்னா, "ஷி ஃபீல்ஸ் ஹாட், நோ ஃபீவர் மெஷர்ட்"னு ரெண்டையும் சொல்லுங்க. சாயங்காலமும் ஒரு தடவை பார்க்கணும், சிலருக்கு அப்போதான் காய்ச்சல் தெரியும்.