"அண்ணே, ஆம்ப் ஆஃப் பண்ணலையா?" – குடி, டிஜே, காதுக்குள்ள இரைச்சல்: உங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க

மதுரை சவுண்ட்:
போன மாசம் ஏசி மண்டபத்துல ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு ஒரு தம்பி, நல்லா ஏத்திக்கிட்டு, இடது டாப் பாக்ஸுக்கு ரெண்டு மீட்டர் பக்கத்துல ரெண்டு மணி நேரம் ஆடுனான். இடது காது பாக்ஸைப் பாத்தே இருந்துச்சு. அந்த எடத்துல மீட்டர் 103 டெசிபல் காட்டுச்சு. எல்லாம் முடிஞ்சு ஒயர் சுத்திக்கிட்டு இருக்கோம், வந்து நிக்குறான்: "அண்ணே, ஆம்ப் ஆஃப் பண்ணலையா? கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கு." ஜெனரேட்டரையே நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சு. அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது.

85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்னுதான் எங்க தொழில்ல கணக்கு. 94-ல ஒரு மணி நேரம், 100-ல கால் மணி நேரம், 103-ல ஏழரை நிமிஷம். அவன் நின்னது நூத்தி இருபது நிமிஷம். ஒரு நாளைக்கு உள்ளதைப் போலப் பதினாறு மடங்கு, ஒரே ராத்திரியில.

குமார் திருப்பூர்:
பாக்ஸ் மேல பழி போடாதீங்க, இது சரக்கு வேலை. குடிச்சா ரத்தக்குழாய் விரியும், காதுக்குள்ள ஓட்டம் கூடும், அதான் சத்தம். ரெண்டு லிட்டர் தண்ணி, நல்ல தூக்கம், ஒரு பி12 மாத்திரை, மறுநாள் சரியாயிடும். என் ரூம்மேட்டுக்கு ஒவ்வொரு திங்கக்கிழமையும் வரும், சாயங்காலம் போயிடும். இன்னொண்ணு, குடிச்சா காது மரத்துப் போறதால சத்தம் உள்ள ஏறாது. குடிக்காம ஆடுறவனுக்குத்தான் ஆபத்து.

செல்வி, கேள்திறன் பரிசோதகர்:
குமார் தம்பி, முதல் பாதியில கொஞ்சம் உண்மை இருக்கு. குடிக்குப் பிறகு சிலருக்கு இரைச்சல் தற்காலிகமாக் கூடுறது உண்டு. ரெண்டாவது பாதி தலைகீழ். நடுக்காதுல ஒரு சின்னத் தசை பெரிய சத்தத்துக்கு இறுகி, உள்ள போறதைக் கொஞ்சம் குறைக்கும். போதையில அது இறுகுறதுக்கே இன்னும் பெரிய சத்தம் வேணும். ஆனா அந்தத் தசை காப்பாத்துறது பெரும்பாலும் பேஸ் சத்தத்துல இருந்துதான். காதைக் கெடுக்குற உச்ச ஸ்தாயிக்கு அது பெரிய தடுப்பு இல்ல. அதனால "தசை சோம்பிடுச்சு"ங்கறதை மட்டும் வெச்சு எல்லாத்தையும் விளக்கவும் முடியாது. நான் பயப்படுறது வேற: காது அடைக்குது, வலிக்குதுன்னு தெரியாததால அந்த ஆள் எடத்தை விட்டு நகர மாட்டார். குடியே நிரந்தரமா நரம்பைக் கெடுக்குதான்னு கேட்டா, அதை இன்னும் உறுதியாச் சொல்ற நிலைமை இல்ல.

என் மனசுல நிக்குறது ஒரு இருபத்தாறு வயசுப் பையன். பப்புக்குப் போயிட்டு வந்த மறுநாள் காலையில வலது காது பஞ்சு வெச்ச மாதிரி, அதோட இரைச்சல். "ஹேங்ஓவர்"னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லிட்டாங்க, பத்து நாள் காத்திருந்தான். வந்ததும் வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனகச் சொன்னேன். அழுக்கோ நீரோ அடைச்சிருந்தா அந்த முனகல் அடைச்ச காதுல பலமாக் கேக்கும். அவனுக்கு நல்ல காதுலதான் பலமாக் கேட்டுச்சு. அப்போ கோளாறு உள்காதுல. சோதிச்சா அடுத்தடுத்த மூணு அலைவரிசையில 30 டெசிபலுக்கு மேல போயிருந்துச்சு. இந்தத் திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ரெண்டு வாரம் தாண்டினா பலன் ரொம்பக் குறையும். அவன் பதினொண்ணாவது நாள்தான் மருந்து தொடங்கினான். பாதிதான் திரும்புச்சு.

சத்தத்தால மட்டும் வந்த மந்தம் பெரும்பாலும் ரெண்டு காதுலயும் இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல தணியும். ஒரே காது திடீர்னு போச்சுன்னா காத்திருக்காதீங்க, அன்னிக்கே இஎன்டி டாக்டர்.

மதுரை சவுண்ட்:
மேடம், நம்ம தம்பிக்கு இடது காதுலதான் அதிகம்னான். பாக்ஸ் அந்தப் பக்கம் இருந்ததாலதானே?

செல்வி, கேள்திறன் பரிசோதகர்:
இருக்கலாம். ஆனா ஒரு மாசமாச்சே, இரைச்சல் இன்னும் இருக்கா? இருந்தா கண்டிப்பா ஆடியோகிராம் எடுக்கணும். சத்தத்தோட கைவரிசைன்னா 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமா இறங்கி, 8000-ல மறுபடி ஏறும். சோதனைக்கு முந்தின நாள் கண்டிப்பாப் பெரிய சத்தத்துல இருக்கக் கூடாது, இல்லேன்னா களைச்ச காதைத்தான் அளப்போம்.

ராணி, திருச்சி:
எங்க அண்ணனுக்கும் இதே மாதிரிதான் காதுல ஒரே இரைச்சல். அவர் டிஜேவுக்கெல்லாம் போறவர் இல்ல. தினம் ரெண்டு குவார்ட்டர், பத்து வருஷமா. செவ்வாய்க்கிழமை சுத்தமா நிறுத்திட்டார், எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். ஆனா புதன் ராத்திரியில இருந்து கொய்ங், இன்னிக்குக் காலையில "வெளியில யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க"ங்கறார். கையும் நடுங்குது. அவருக்கு எந்த இயர்பிளக் நல்லது?

ஜோசப், போதை மீட்பு வார்டு செவிலியர்:
அக்கா, இயர்பிளக் வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வருஷக்கணக்கா குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா, குடி அமுக்கி வெச்சிருந்த மூளை ஒரேயடியாத் துள்ளும். முதல் நாள் நடுக்கம், வியர்வை, சின்னச் சத்தமும் உறைக்கிறது, இரைச்சல், அப்புறம் இல்லாத குரல். ஃபிட்ஸ் ஆறு மணி நேரத்துல இருந்து ரெண்டு நாளுக்குள்ள வரலாம். அது தாண்டினாலும் மூணாவது நாள் பக்கம் ஆள் குழம்பி, காய்ச்சலடிச்சு, உயிருக்கே ஆபத்தாகலாம். வார்டுல மாத்திரை கொடுத்து மெதுவாத்தான் இறக்குவாங்க, கூடவே தயமின் ஊசி போடுவாங்க. வீட்டுல தனியா விடாதீங்க. நிறுத்தினது நல்லதுதான், நிறுத்துற வழிதான் தப்பு.

எங்க வார்டுல ஒருத்தர் ஃபேன் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தார், இரைச்சல் அதுல இருந்துதான் வருதுன்னு. அது ஓயறதுக்குப் பல நாள் ஆச்சு.

ராணி, திருச்சி:
கிளம்பிட்டோம். ஆட்டோல இருக்கோம்.

பாலா டிரம்ஸ்:
யாரும் கேக்கல, ஆனா சொல்லாம இருக்க முடியல. பஞ்சை உருட்டிக் காதுல வைக்கிறது தடுப்பே இல்ல, சில டெசிபல்தான் குறையும். ஃபோம் பிளக் வாங்கினாலும் பாதிப் பேர் அதைக் காதோட வாசல்லயே வெச்சு விட்டுடறாங்க. மூணு விரலால மடிப்பு விழாம மெலிசா உருட்டுங்க. இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால கொண்டு வந்து காது மடலை மேலயும் பின்னாலயும் இழுங்க, அப்பத்தான் துவாரம் நேராகும். உள்ள தள்ளி, விரிஞ்சு முடியுற வரைக்கும் முப்பது செகண்டு அமுக்கிப் பிடிங்க. நேரா நின்னு பாக்குறவங்களுக்கு நுனி தெரிஞ்சா அது உள்ள போகல. பாட்டு மங்கலாக் கேக்குதுன்னு கழட்டறவங்க, வடிகட்டி வெச்ச மியூசிஷியன் பிளக் வாங்கலாம். அது எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும், அதனால பேச்சும் பாட்டும் தெளிவா இருக்கும். ரெண்டு மணி நேரத்துல நாலு தடவை கழட்டிப் போட்டா பிளக் போட்டும் பிரயோஜனமில்ல.

குமார் திருப்பூர்:
அந்த முனகல் சோதனையை ரூம்மேட்டைச் செய்யச் சொன்னேன், ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேக்குதாம். ஆனா ஹோட்டல்ல கூட்டம் இருந்தா எதிர்ல பேசுறது புரியலைங்கறான். போன வருஷம் எடுத்த டெஸ்ட் நார்மல்.

செல்வி, கேள்திறன் பரிசோதகர்:
டெஸ்ட் நார்மலா இருந்தும் கூட்டத்துல பேச்சு பிரியாம இருக்கலாம் தம்பி. அமைதியான அறையில கொடுக்குற பீப் சத்தத்துல தெரியாத நரம்புச் சேதம்னு ஒரு கருத்து இருக்கு. மனுஷங்ககிட்ட அது எவ்வளவு தூரம் உண்மைன்னு இன்னும் விவாதம்தான். "இரைச்சலுக்கு நடுவுல பேச்சு" சோதனையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க. திங்கக்கிழமை வர்ற இரைச்சல் சாயங்காலம் போயிடுதுங்கறதுக்காக ஞாயித்துக்கிழமை கணக்குல இல்லேன்னு ஆகாது.

மதுரை சவுண்ட்:
தம்பிக்கு இப்பத்தான் போன் போட்டேன். ஃபேன் ஓடுனா தெரியலயாம், நிறுத்தினா இடது காதுல இருக்காம். வியாழக்கிழமை ஆடியோகிராமுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த நிகழ்ச்சியில இருந்து டாப் பாக்ஸை ரெண்டு மீட்டர் உயரத்துல தூக்கிக் கட்டி, முன்னால நாலு மீட்டருக்குக் கயிறு போடுறதா பசங்ககிட்டச் சொல்லியாச்சு.