வீலான் பிரித்தும் டேலி இழுத்தது: எங்கள் ஆபீஸ் கதை

கணக்குக்கடை:
எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். கீழ்த்தளத்தில் டேலி டேட்டா இருக்கிற சர்வர், 16 கேமரா. மாடியில் 10 கம்ப்யூட்டர், முதலாளி ரூமில் பூட்டி வைத்த கேமரா ரெக்கார்டர், அதாவது என்.வி.ஆர். இரண்டு தளத்துக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். காலையில் டேலியில் கம்பெனியைத் திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. வருகிற கிளையண்ட்டுகளும் அதே வைஃபைதான், அவர்கள் போன் போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஃபைல் ஏறாது.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மேனேஜ்டு சுவிட்ச் இரண்டு, வீலான் தெரிந்த ரவுட்டர் ஒன்று வாங்கி, ஒரே நெட்வொர்க்கை வீலான் என்கிற தனித்தனி நெட்வொர்க்குகளாக, ஸ்டாஃபுக்கு எண் 10, கேமராவுக்கு 20, கெஸ்ட்டுக்கு 30 என்று பிரித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் டிவியில் 16 கட்டமும் கருப்பு! ராத்திரி ஒன்பது வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். கேமரா போர்ட்டை 20-இல் சேர்த்திருந்தேன், ஆனால் பக்கத்து மெனுவில் PVID, அதாவது அந்த போர்ட்டுக்குள் வருவது எந்த வீலானில் சேரும் என்கிற எண், இன்னும் 1 என்றே இருந்தது. கேமராவிலிருந்து வருவதெல்லாம் 1-க்குள் போய்க்கொண்டிருக்கிறது, என்.வி.ஆர் 20-இல் உட்கார்ந்து காத்திருக்கிறது. அதை மாற்றியதும் படம் வந்தது.

திங்கள்கிழமை டேலி அப்படியே இழுத்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ரவுட்டர்_ரசிகன்:
ப்ரோ, வீலான் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ரோடு கிடைத்துவிடும், வேகம் கூடியே ஆகணும். சுவிட்ச் மட்டமான சரக்கா இருக்கும்.

கேபிள்காரர்:
தம்பி சொல்வது பாதிதான் சரி. ஒரு வீலானில் கத்துகிற சத்தம் அடுத்ததுக்குக் கேட்காது, அங்கிருப்பவன் இங்கே நுழைய முடியாது, அது உண்மை. ஆனால் மூன்றும் மாடிக்குப் போவது அதே ஒரு கேபிளில்தானே? ரோட்டில் கோடு போட்டதால் ரோடு அகலமாகாது.

கணக்குக்கடை, ஒன்று செய்யுங்கள். ஒரு பெரிய ஃபைலை சர்வரிலிருந்து மாடிக்கு காப்பி பண்ணுங்கள், அப்புறம் மாடியிலிருந்து சர்வருக்கு. இரண்டு வேகத்தையும் எழுதுங்கள். சுவிட்சில் மாடி கேபிள் மாட்டிய போர்ட் எத்தனையில் இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

கணக்குக்கடை:
சார், கீழிருந்து மேலே நொடிக்கு 4 எம்பி. மேலிருந்து கீழே 11. சுவிட்ச் இரண்டும் ஜிகாபிட், ஆனால் போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது.

கேபிள்காரர்:
கணக்கு ஒத்துப்போகிறது. உங்கள் கேமரா ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 16-க்கு 64. அது முழுக்க என்.வி.ஆருக்காக மேலே ஏறுகிறது. 100-இல் மிச்சம் 36, அதை எட்டால் வகுத்தால் நொடிக்கு நாலு எம்பி சொச்சம். டேலி டேட்டா வருவதும் அதே திசை. எதிர்த்திசை காலியாக இருப்பதால் 11 கிடைக்கிறது.

ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். ஒரு ஜோடி விட்டுப்போயிருந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி, புது பிளக் வைத்து மறுபடி கிரிம்ப் பண்ணுங்கள். முடிந்தால் என்.வி.ஆரைக் கீழே, கேமரா சுவிட்ச் பக்கத்திலேயே வையுங்கள். அப்போது மாடிக்கு வருவது யாராவது பார்க்கிற நேரலை மட்டும்தான்.

மளிகை_மணி:
அண்ணே, எங்க கடை கேமராவும் போன்ல பாத்தா சுத்திக்கிட்டே நிக்குது. நானும் கேபிள் மாத்தணுமா?

கேபிள்காரர்:
உங்களுடையது வேறு மணி. வெளியிலிருந்து பார்ப்பது கடை நெட்டின் அப்லோடு வேகத்தைப் பொறுத்தது. ஆப்பில் சப் ஸ்ட்ரீமுக்கு, அதாவது தரம் குறைந்த படத்துக்கு, மாற்றிப் பாருங்கள்.

ரிசப்ஷன்_அக்கா:
நாங்கள் இவ்வளவு மெனக்கெடவில்லை, பழைய ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் மாட்டி அதை கெஸ்ட் என்று கொடுத்தோம். ஒரு நாள் வந்தவர் போனிலிருந்து எங்கள் பிரிண்டர் பக்கத்தைத் திறந்து காட்டினார். பின்னால் இருக்கிறவர் முன்னால் இருக்கிறதை எட்டலாமாம், எங்களுக்குத் தெரியாது. இடத்தை மாற்றி, கெஸ்ட்டை முன்னாலும் ஆபீஸைப் பின்னாலும் வைத்தோம்.

கணக்குக்கடை:
கிரிம்ப் பண்ணியாச்சு, போர்ட் 1000 காட்டுகிறது, டேலி சட்டென்று திறக்கிறது. கெஸ்ட்டுக்கு எங்கள் 100 எம்பிபிஎஸ் லைனில் 20 என்று ரவுட்டரில் கட்டிப்போட்டேன். வீலான் மட்டும் பிரித்திருந்தால் லைனை அவர்களே தின்றிருப்பார்கள்.

இப்போது புதுத் தலைவலி. கேமராக்கள் வெளியே போகாமல் வீலான் 20-க்கு இன்டர்நெட்டை அடைத்தேன். ஒரு வாரத்தில் பதிவு நேரம் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறது.

கேபிள்காரர்:
கடிகாரம் சரிபார்க்க இடமில்லை. கேமராக்களில் நேரம் கேட்கிற NTP முகவரியாக என்.வி.ஆரின் ஐபியைக் கொடுங்கள், உங்கள் மாடலில் அது இல்லையென்றால் ரவுட்டருடையதை.

கணக்குக்கடை:
அது சரியாகிவிடும். ஆனால் முதலாளிக்கு வீட்டிலிருந்து போனில் பார்த்தே ஆகணுமாம், என்.வி.ஆருக்கு மட்டும் நெட்டைத் திறந்துவிடச் சொல்கிறார். திறக்கலாமா?

ரவுட்டர்_ரசிகன்:
திறங்க ப்ரோ, ஒண்ணும் ஆகாது.

கேபிள்காரர்:
நான் திறக்க மாட்டேன், ரவுட்டரில் விபிஎன் என்கிற பூட்டிய தனி வழி வைத்து அவர் போனில் போட்டுக் கொடுப்பேன். ஆனால் அதை ஒவ்வொரு முறையும் ஆன் பண்ண உங்கள் முதலாளி சம்மதிப்பாரா என்பது எனக்கும் சந்தேகம்தான்.