தாடை ஓரத்தில் ஒட்டு தெரிந்தது: நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்

இளவேனில்

போன மாதம் எங்கள் சித்தப்பாவின் வாட்ஸப்புக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கடற்கரையில் ஒரு பையனின் தோளில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் என் தங்கையின் முகம், அதாவது சித்தப்பாவின் மகள். வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அவள் அழுதுகொண்டே "அது நான் இல்லை அண்ணா" என்றாள். நான் படத்தை லேப்டாப்பில் ஏற்றினேன்.

போனில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கியதும் இடது காதுக்குக் கீழே தாடை வளையும் இடம் கண்ணில் பட்டது. தாடையின் கோடு கூர்மையாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு விரல் அகலம் உள்ளே, கன்னத்தில், ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு பட்டை மங்கி ஓடியது. அதற்கு வெளியே கழுத்திலும் காதிலும் போன் கேமராவின் பொடிப்பொடியான புள்ளிகள் இருந்தன. உள்ளே முகத்தில் ஒன்றுகூட இல்லை, வழவழவென்று இருந்தது.

நிறம் வேறு மாதிரி தெரிந்ததால் ஜிம்ப்பில் நிறம் எடுக்கும் கருவியில் `Sample average` போட்டு, `Radius` 5 வைத்து, வெயில் படும் பக்கத்திலேயே நான்கு இடங்களைத் தொட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில் வந்தவை:

கன்னம் 201, 158, 134
கழுத்து 171, 124, 92
காது மடல் 184, 128, 98
முன்கை 176, 128, 96

கன்னம் வெளுப்பு, அது கண்ணுக்கே தெரிகிறது. சிவப்பை நீலத்தால் வகுத்துப் பார்த்தேன். கழுத்து, காது, கை மூன்றும் 1.83க்கும் 1.88க்கும் இடையில் வந்தன. கன்னம் மட்டும் 1.5. சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும், "மேக்கப் போட்டிருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

சுந்தர், திண்டுக்கல்

சந்தேகமே வேண்டாம் சகோ. முகமும் கழுத்தும் வேறு நிறமாக இருந்தால் அது ஒட்டுதான். நான் இப்படி நிறையப் பிடித்திருக்கிறேன். இணையத்தில் ELA என்று ஒரு சோதனை இருக்கிறது, படத்தைப் போட்டால் ஒட்டிய இடம் மட்டும் தனியாகத் தெரியும். அதையும் செய்து சித்தப்பாவிடம் காட்டுங்கள்.

கயல்விழி

சுந்தர் தம்பி, நான் பத்து வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று இருக்கும் உண்மைப் படங்கள் என்னிடமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவசரத்தில் ஃபவுண்டேஷன் கழுத்துக்கு இறங்காது, காதுக்குப் பின்னால் போகவே போகாது. ஃபிளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெள்ளையாகத் தூக்கும். போனில் பியூட்டி ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால் முகம் வழவழப்பாகும், கழுத்தில் புள்ளிகள் அப்படியே நிற்கும். இதையெல்லாம் ஒட்டு என்று சொன்னால் பாதிக் கல்யாண ஆல்பம் பொய் ஆகிவிடும். இளவேனிலின் சித்தப்பா கேட்டது சரியான கேள்வி.

ஆல்பம் ராஜு

நான் 2006லிருந்து ஆல்பம் டிசைன் செய்கிறேன். குரூப் போட்டோவில் மாமா கண்ணை மூடியிருப்பார், அடுத்த ஷாட்டில் திறந்திருப்பார். அந்தத் தலையை எடுத்து இதில் வைப்போம். ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு தலையாவது மாற்றியிருப்பேன். அதனால் ஒட்டு எங்கே பல்லிளிக்கும் என்று கைக்குத் தெரியும்.

கையால் வெட்டி ஒட்டியதும் ஆப் ஒட்டியதும் வேறு வேறு இடத்தில் மாட்டும். நாங்கள் வெட்டும்போது தாடைக் கோட்டிலேயே வெட்டி, ஃபெதர் 2 பிக்சல் வைப்போம். அப்போது தாடையின் விளிம்பே மாவு மாதிரி இருக்கும். புது முகம் ஒல்லியாக இருந்தால் பழைய தாடை பின்னால் எட்டிப் பார்க்கும், இரண்டு தாடை தெரியும். இப்போதுள்ள ஆப்கள் தாடையைத் தொடுவது குறைவு. கன்னம், மூக்கு, வாய், நெற்றியில் பாதி வரை முகமூடி மாதிரி மாட்டிவிட்டு ஓரத்தைக் கரைத்துவிடும். தாடைக் கோடு, காது, கழுத்து, முடி எல்லாம் பழைய ஆளுடையவை. தம்பி பார்த்த பட்டை தாடைக்கு உள்ளே இருந்தது அதனால்தான்.

முகம் வழவழப்பாக இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. பலரும் பயன்படுத்தும் `inswapper_128` என்ற மாடல் முகத்தை 128க்கு 128 பிக்சலில்தான் செய்து தரும். படத்தில் முகம் 700 பிக்சல் இருந்தால் அதை ஐந்து மடங்குக்கு மேல் இழுத்து ஒட்ட வேண்டும். மங்கிப்போகும். அதை மறைக்கச் சிலர் முகத்தைத் தெளிவாக்கும் இன்னொரு கருவியில் போடுவார்கள். அப்போது தலைகீழாக நடக்கும். இமை முடி ஒவ்வொன்றும் கம்பி மாதிரி இருக்கும், பக்கத்திலேயே காதோர முடி சாதாரணப் போன் படம் மாதிரி குழைந்திருக்கும்.

மேக்கப்பா ஒட்டா என்று பிரிக்க நெற்றிக்குப் போங்கள். மேக்கப் போடுகிறவர் முடி தொடங்கும் இடம் வரை தடவுவார், சரிதானே கயல்விழி அக்கா? ஆப்பின் முகமூடி நெற்றியின் நடுவிலோ கொஞ்சம் மேலோ நின்றுவிடும். முடிக்குக் கீழே பழைய ஆளின் தோல் ஒரு பட்டையாக மிஞ்சும். அந்தப் பட்டையைத் தொட்டு எண் எடுங்கள். கழுத்தோடு சேர்ந்தால் ஒரு பதில், கன்னத்தோடு சேர்ந்தால் வேறு பதில்.

சிவப்பை நீலத்தால் வகுத்தது நல்ல வேலை. நிழலில் மூன்றும் கூடவே இறங்கும், விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் கடற்கரையில் மாலை வெயில் மஞ்சளாகவும், நிழல் பக்கம் வானத்தின் நீலமாகவும் இருக்கும். ஒரே திசையைப் பார்க்கும் தோலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கயல்விழி

ஆமாம் ராஜு, முடி வரை தடவுவோம். ஓரத்தில் கொஞ்சம் மெலிந்து போகும், ஆனால் நெற்றி நடுவில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ரஹீம்

எனக்கும் இப்படி நடந்தது. விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போனேன், சட்டையோடு நின்றேன். ஸ்டூடியோக்காரர் கோட், டை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்து என் கழுத்து மாதிரி இல்லை. காலர் வெளிச்சம் வலப்பக்கம், என் மூக்கு நிழலும் வலப்பக்கம். விண்ணப்பத்தில் திருப்பிவிட்டார்கள். இதற்கும் நீங்கள் சொல்லும் முறை உதவுமா?

ஆல்பம் ராஜு

ரஹீம் பாய், உங்களுடையது உடலை மாற்றியது, ஒட்டு காலருக்கு மேலே இருக்கும். ஆனால் வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் பார்த்தது சரி. மூக்கு நிழல் வலப்பக்கம் விழுந்தால் விளக்கு இடப்பக்கம் இருக்கிறது, காலரும் இடப்பக்கம்தான் பளிச்சென்று இருக்க வேண்டும். முகத்தை மாற்றிய படத்திலும் இதையே பாருங்கள். மூக்கு நிழல் ஒரு பக்கம் சாய்ந்தால், மோவாய் கழுத்தில் போடும் நிழலும் அதே பக்கம் சாயும். சேலை பச்சையாக இருந்து வெயில் அதில் பட்டால் மோவாயின் அடியிலும் லேசான பச்சை ஏறும். கழுத்தில் ஏறி மோவாயில் ஏறவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஒன்று சொல்ல வேண்டும், ஆப்கள் பழைய ஆளின் வெளிச்சத்தைப் பெரும்பாலும் பின்பற்றிவிடுகின்றன. வெளிச்சக் கோளாறு கையால் ஒட்டியதில்தான் அதிகம்.

சுந்தர், ELA பற்றி. படத்தில் இடத்துக்கு இடம் சுருக்கம் மாறுகிறதா என்றுதான் அது பார்க்கும். வாட்ஸப் வழியாக வந்த படம் முழுக்க மறுபடி சுருக்கிச் சேமிக்கப்பட்டது. அதில் நகை, முடி, சேலைக் கரை எல்லாம் மின்னும், வழவழப்பான தோல் உண்மைப் படத்திலும் இருட்டாகத்தான் வரும். அதை நம்பி ஒருவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சுந்தர், திண்டுக்கல்

வாட்ஸப் விஷயம் தெரியாது அண்ணா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் நண்பன் படத்தில் முகம் மட்டும்தான் மின்னியது, அது பொய்ப் படம் என்று பிறகு தெரிந்தும்விட்டது. அதனால் முழுக்கப் பயனில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

இளவேனில்

ராஜு அண்ணா, நெற்றியைப் பார்த்தேன். கை நடுங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

முடிக்குக் கீழே இருக்கும் பட்டை 179, 129, 97. விகிதம் 1.85, கழுத்தோடு ஒத்துப் போகிறது. புருவத்துக்கு மேலே தொட்டால் 1.52, கன்னத்தோடு போகிறது. நடுவில் எங்கேயும் கோடு இல்லை, மெல்லக் கரைகிறது.

அதைவிடப் பெரியது ஒன்று. அந்தப் பெண் நெற்றியில் சந்தனக் கீற்று வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. கீற்றின் மேல்பாதி காய்ந்த சந்தனமாகத் தெளிவாக, ஓரம் பொரிந்துகூடத் தெரிகிறது. கீழே வர வர வெளுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தோலுக்குள் கரைந்துபோகிறது. வேர்வையில் அழிந்திருந்தால் தேய்ந்த தடம் இருக்கும். இங்கே சந்தனம் இருந்த அடையாளமே இல்லை. கன்னத்தில் பட்டை மங்கத் தொடங்கும் இடத்தையும் இதையும் சேர்த்து வரைந்தால் ஒரு முட்டை வடிவம் வருகிறது.

சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கீற்றை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். எண் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தங்கையின் அறைக் கதவைத் தட்டினார்.

படத்தை அழிக்காமல், அனுப்பிய எண்ணோடு `cybercrime.gov.in` தளத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஆல்பம் ராஜு

நல்லது தம்பி. சந்தனம், திருநீறு, பொட்டு, மூக்குத்தி, கன்னத்தில் விழுந்த முடி, இவற்றில்தான் ஆப் தடுமாறும். ஒட்டு இருக்கிறது என்பதை மட்டும்தான் இது காட்டும், யார் செய்தார் என்பதைக் காட்டாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2023ல் வந்த பிக்சல் 8 போனில் `Best Take` என்று ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து அதே ஆளின் நல்ல முகத்தை எடுத்து வைத்துவிடும். அதிலும் ஒட்டு இருக்கலாம், ஆள் அவரேதான்.

தேவகி

அண்ணா, என் தோழிக்கு வந்த படத்தையும் பார்த்துச் சொல்வீர்களா? பல குரூப்பில் சுற்றி வந்தது. முகம் 90 பிக்சல்தான் இருக்கிறது. தாடை ஓரத்தில் சேலையின் சிவப்பு கொஞ்சம் கன்னத்தில் கசிந்த மாதிரி தெரிகிறது. ஒட்டுதானே?

ஆல்பம் ராஜு

தங்கச்சி, அந்தக் கசிவை நம்ப முடியாது. ஜேபெக்கில் பெரும்பாலும் நிறத்தைப் பாதி அளவுக்குக் குறைத்துத்தான் சேமிப்பார்கள், அதனால் சிவப்புச் சேலை உண்மைப் படத்திலும் பத்துப் பதினைந்து பிக்சல் வரை பக்கத்தில் கசியலாம். முகமே 90 பிக்சல் என்றால் அது கன்னத்தில் பெரிய பகுதி. போர்ட்ரெய்ட் மோடில் எடுத்திருந்தால் காதோரமும் தானாகவே மங்கியிருக்கும். ஒட்டு என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதலில் அனுப்பியவரிடம் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தேவகி

கேட்டிருக்கிறேன் அண்ணா. நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.