சாவி ஒன்றுதான், கிராண்ட் நகல்: இந்த மைவியை வாங்கலாமா?

பிரகாஷ்: சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பக்கம் ஒருவர் 2016 மைவி விற்கிறார், 21,000 வெள்ளி. காடி வாங்கியபோது கொடுத்த இன்வாய்ஸ் இல்லை, சாவி ஒன்றுதான், காடியின் பதிவுப் பத்திரமான கிராண்ட் தொலைந்துபோய் போன மாதம்தான் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் நகல் எடுத்தாராம். வாங்கலாமா?

தேவன்: வேண்டாம் தம்பி. இன்வாய்ஸ் இல்லாத காடி திருட்டுக் காடி மாதிரிதான். இந்தியாவில் என் மாமா வாங்கும்போது முதலில் அதைத்தான் கேட்டார்.

லோகா: தேவன் அண்ணே, இங்கே பத்து வருஷக் காடிக்கு இன்வாய்ஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஈப்போவில் பழைய காடி யார்டில் ஒன்பது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன், நாங்கள் இன்வாய்ஸ் கேட்பதே இல்லை. உரிமையாளர் யார் என்பது ஜே.பி.ஜே. பதிவில்தான் இருக்கிறது. பிரகாஷ், இன்வாய்ஸை விடுங்கள். ஒரு சாவி, கிராண்ட் இரண்டுமே காணாமல் போயிருக்கின்றன பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கணேஷ்: இதில் பயப்பட என்ன இருக்கிறது? பேங்க் லோன் பாக்கி இருந்தால் ஜே.பி.ஜே. பெயர் மாற்றவே விடாது. மாற்றம் முடிந்தால் காடி உங்களுடையது, அவ்வளவுதான்.

லோகா: பேங்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதன் உரிமை ஜே.பி.ஜே. பதிவிலேயே ஏறியிருக்கும். ஆனால் சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் அலோங்கிடம் அடகு வைத்தது எந்தப் பதிவிலும் வராது. கடன் கொடுப்பவன் அசல் கிராண்டையும் ஒரு சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வான். கட்ட முடியாமல் போனால் சிலர் கிராண்ட் தொலைந்துவிட்டது என்று ரிப்போர்ட் போட்டு, நகல் எடுத்து, காடியை விற்றுவிடுகிறார்கள். சட்டப்படி புது உரிமையாளர் நீங்கள்தான், அந்தப் பழைய கிராண்டால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரவில் வருகிறவன் சட்டம் பார்த்தா வருவான்? அவன் கையில் சாவி இருக்கிறதே. எங்கள் யார்டுக்கே இப்படி ஒரு காடி வந்தது. விற்றவர் அசல் கிராண்ட் வெள்ளத்தில் போய்விட்டது என்றார், நம்பி வாங்கினோம், மூன்றாவது வாரம் இருவர் அசல் கிராண்டோடு வந்து நின்றார்கள். போலீஸ் வரைக்கும் போய்த்தான் அடங்கியது.

செல்வி: என் சாவியும் தோட்டத்தில் செம்பனைக்கு நடுவே விழுந்து தொலைந்தது! புது சாவிக்கு 380 வெள்ளி ஆனது. சாவியில் பட்டரி போடுவது யாருக்காவது தெரியுமா?

பிரகாஷ்: அக்கா, நான் கேட்டது அது இல்லை. லோகா அக்கா, நகல் எடுக்கிற எல்லாருமே இப்படியா?

லோகா: இல்லை, உண்மையிலேயே தொலைத்தவர்கள் நிறைய பேர். அதனால்தான் கதையை விடத் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன். போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் வாங்கிப் பாருங்கள், எப்போது, எங்கே தொலைந்தது என்று எழுதியிருக்கும். சாவி எப்போது போனது என்று தனியாக, வேறொரு நேரத்தில் கேளுங்கள். கிராண்ட் போன மாதம் தொலைந்தது, சாவி நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது என்றால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே மாதம் என்றால் நான் விலகிவிடுவேன். அப்புறம், காடியில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரை கிராண்டோடு நீங்களே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி5 சோதனையிலும் பார்ப்பார்கள்தான், ஆனால் நம்பரைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். முன்பணம் என்று ஒரு வெள்ளிகூட வேண்டாம், பெயர் மாறுகிற அன்றைக்கே பணம்.

கணேஷ்: சாவிக்குப் பயந்தால் பட்டறையில் பழைய சாவியை இம்மொபிலைசரிலிருந்து அழித்துவிடலாமே. மெஷின் போட்டால் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்றும் காட்டிவிடும்.

ரவி (பட்டறை): அழிக்கலாம், எஞ்சின் உயிர் பிடிக்காது. ஆனால் சாவியின் வெட்டு மாறாதே, கதவு திறக்கும், ஸ்டியரிங் பூட்டும் திறக்கும். இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அது போதும். கதவுப் பூட்டு, ஸ்டார்ட் பூட்டு இரண்டையும் மாற்றினால்தான் அந்தச் சாவி செத்த சாவி. எண்ணிக்கையையும் ரொம்ப நம்பாதீர்கள். இரண்டு என்று காட்டி, கையில் ஒன்று இருந்தால் இன்னொன்று எங்கேயோ இருக்கிறது, அது சரி. ஒன்று என்று காட்டினால் போன வாரம்தான் அழித்திருக்கலாம்.

தேவன்: இவ்வளவு தலைவலிக்கு வேறு மைவி பார்த்தால் என்ன? இன்வாய்ஸ் பற்றி நான் சொன்னதில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். அதில் சேஸிஸ் நம்பரும் முதல் உரிமையாளர் பெயரும் இருக்கும், ஒப்பிட இன்னொரு காகிதம் கிடைக்கிறதா இல்லையா?

லோகா: இருந்தால் நல்லதுதான் அண்ணே. இல்லாததைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

பிரகாஷ்: இப்போதுதான் போன் செய்தேன். சாவி எப்போது போனது என்று கேட்டதும், "மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். ரிப்போர்ட் வீட்டில்தான் இருக்கிறதாம். சனிக்கிழமை போகிறேன், பணம் எடுத்துக்கொண்டு போகவில்லை.